செல்ஃபி அவதாரத்தில் எவ்வளவு நிஜம் வேண்டும்?

1930களிலும் 40களிலும் ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களின் கேலிச்சித்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆளை அடையாளம் காட்ட அவருக்கு அதிகக் கோடுகள் தேவைப்படவில்லை. ஒரு குடுமி, வாய் கோணும் விதம், தோளில் சால்வை விழும் கோணம் இவ்வளவும் போதும். தோலில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. ஆனால் கச்சேரிக்குப் போய் வந்தவர் எவரும் அது யார் என்று சொல்லிவிடுவார். இதைச் சோதனைச்சாலையிலும் பார்த்திருக்கிறார்கள். 1987இல் கில்லியன் ரோட்ஸ், சூசன் பிரென்னன், சூசன் கேரி மூவரும் தெரிந்தவர்களின் முகங்களைக் கணினியில் கோட்டோவியமாக்கி, ஒவ்வொருவரிடமும் சராசரியிலிருந்து விலகியிருக்கும் அம்சத்தை இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டினார்கள். மிகைப்படுத்திய முகத்தை மக்கள் அளவு பிசகாத ஓவியத்தைவிட வேகமாக அடையாளம் கண்டார்கள்.

ஒரு செல்ஃபியை எடுத்து விளையாட்டுக்கோ வாட்ஸாப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ அவதாரம் செய்யும்போது நாம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். ‘எவ்வளவு நிஜமாக இருக்கட்டும்?’ என்ற கேள்வியை வானொலியின் ஒலி கூட்டும் குமிழைப்போல ஒற்றைத் திருகாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு பக்கம் பொம்மை, மறுபக்கம் போட்டோ, நடுவில் எங்காவது நிறுத்தினால் போதும் என்பது நினைப்பு. உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு திருகுகள். முகம் நம்முடையதாகத் தெரிவது ஒன்று, தோலும் முடியும் ஒளியும் அசலைப்போல இருப்பது இன்னொன்று. முதலாவதைக் கூட்டி இரண்டாவதைக் குறைக்கலாம், மாலி செய்தது அதைத்தான். பெரும்பாலான செயலிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. தோல் பளபளக்கிறது, முடி இழை இழையாக அசைகிறது, ஆள் மட்டும் வேறு யாரோ.

இது எப்படி நேர்கிறது என்பதைப் பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி. ஏரியும் அதைச் சுற்றி அரளித் தோட்டங்களும் உள்ள ஊர். அங்கே விடியலில் அரளி மொட்டுப் பறித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு, வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, புருவம் அடர்த்தி, இடது தாடையில் ஒரு மச்சம். இவர் நான் கற்பித்துக்கொண்ட பெண். ஆனால் இவருக்கு நேரப்போவது எதுவும் கற்பனை இல்லை.

மதியம் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, வெயில் அடிக்கும் சாலையை முதுகுக்குப் பின்னால் வைத்து, கையை மடக்கிப் பிடித்து முன்பக்கக் கேமராவில் ஒரு படம் எடுக்கிறார். பிழைகள் இங்கேயே தொடங்கிவிடுகின்றன. அவதாரம் செய்யும் மென்பொருள் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை.

முதல் பிழை தூரத்தில் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னது இது: 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பாகம், 5 அடியில் எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 சதவிகிதம் அகலமாகத் தெரியும். மூக்கு கேமராவுக்கு அருகில், காது தொலைவில். அந்தச் சிறு வித்தியாசம் மிக நெருங்கிய படத்தில் பூதாகரமாகிவிடுகிறது. நம் கண் இதைப் பொறுத்துக்கொள்ளும், மென்பொருள் பொறுக்காது. அது படத்திலுள்ள அகலத்தை மூக்கின் அகலம் என்றே எடுத்துக்கொள்ளும். செல்ஃபியிலிருந்து வந்த அவதாரத்தைப் பார்த்து ‘என் மூக்கு இப்படியா இருக்குது?’ என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையான பதில், இல்லை, கை நீளம் போதவில்லை என்பதுதான்.

இரண்டாவது பிழை கண்ணாடிப் பிரதி. முன்பக்கக் கேமரா திரையில் நம்மைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றிக் காட்டுகிறது. சில போன்கள் சேமிக்கும்போது அதைத் திருப்பிவிடும், சில அப்படியே சேமிக்கும். அமைப்பு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. அப்படியே சேமித்தால் வலது மூக்குத்தி இடதுக்குப் போய்விடும், இடது தாடை மச்சம் வலதுக்கு வந்துவிடும், வகிடும் பக்கம் மாறும். கண்ணாடியில் பார்த்தே பழகிய நமக்கு அது உறுத்தாது. எதிரே நின்று நம்மைப் பார்ப்பவர்களுக்கு உறுத்தும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: எழுத்து உள்ள சட்டையோடோ கையில் ஒரு பஸ் டிக்கெட்டோடோ படம் எடுத்துப் பாருங்கள். எழுத்து இடம்வலம் மாறியிருந்தால் முகமும் அப்படித்தான்.

மூன்றாவது, நாம் கேட்காமலே நடக்கும் அழகூட்டல். நம் ஊரில் விற்கும் பல போன்களில் ‘பியூட்டி’ என்ற அமைப்பு முன்பக்கக் கேமராவுக்கு வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அது தோலைத் தேய்த்து மழுப்புகிறது, கன்னத்தை ஒடுக்குகிறது, நிறத்தை ஒரு படி ஏற்றுகிறது. இதற்கு முன்னோர்கள் உண்டு. பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தை வெளுப்பாக்கிய டச்சப் கலைஞர்கள் இதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்கள் மச்சத்தை அழிப்பதற்கு முன் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அழகூட்டிய படத்தை அவதாரச் செயலிக்குக் கொடுத்தால் அது அந்த மழுப்பலை நம் முகம் என்று நம்பி, அதன் மேல் தன் மழுப்பலையும் சேர்க்கும்.

ஆகவே நம் பனமரத்துப்பட்டிப் பெண் செய்ய வேண்டியது இவ்வளவு. பியூட்டி அமைப்பை அணைத்துவிட்டு, பின்பக்கக் கேமராவில், தம்பியை நாலைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செல்ஃபி என்று சொல்லலாமா என்று யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. வெயிலில் வேண்டாம், கொட்டகைக்குள்ளும் வேண்டாம். திண்ணையின் விளிம்பில் நின்று திறந்த வானத்தைப் பார்த்தால் போதும். நிழல் ஒரு கன்னத்தில் மட்டும் விழக்கூடாது. நெற்றி முடியை ஒதுக்கி, வாயை மூடி, சிரிக்காமல், கேமரா கண் மட்டத்தில். கண்ணாடி போடுபவர் கழற்றிவிட வேண்டும். அதைப் பிறகு தனியாகச் சேர்க்கலாம்.

இனி மென்பொருளின் வேலை. இன்று புழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள். எந்த வழியில் போகிறோம் என்பது தெரிந்தால்தான் எதைத் திருத்த முடியும் என்பது தெரியும்.

முதல் வழி பொறுக்கிச் சேர்ப்பது. ஓவியர்கள் முன்கூட்டியே வரைந்து வைத்த கண்கள், புருவங்கள், மூக்குகள், தலைமுடிகளிலிருந்து நம் படத்துக்கு நெருக்கமானவற்றைச் செயலி எடுத்து அடுக்குகிறது. நின்டெண்டோ 2006இல் வீ கருவியோடு கொடுத்த மீ பொம்மைகள் இந்த வகையின் மூத்தவை. அவற்றை நாமே கையால் அடுக்க வேண்டும். டொரன்டோவில் பிறந்து 2016இல் ஸ்னாப் நிறுவனம் வாங்கிய பிட்மோஜி, ஆப்பிள் 2018இல் கொண்டுவந்த மெமோஜி, 2020இல் இந்தியாவுக்கு வந்த ஃபேஸ்புக் அவதாரங்கள் எல்லாம் இந்தக் குடும்பம். 2017இல் கூகுள் தன் அல்லோ செயலிக்காகச் செல்ஃபியிலிருந்து ஸ்டிக்கர் செய்தபோது அதன் குழு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கண்டது: போட்டோவின் புள்ளிகளையும் ஓவியத்தின் புள்ளிகளையும் நேரடியாக ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டும் வேறு வேறு உலகம். அதனால் மனிதர்களிடம் படத்தைக் காட்டி, இந்தப் புருவத்துக்கு எந்த வரைபடம் பொருந்துகிறது என்று கேட்டு, அந்தத் தீர்ப்புகளைக் கொண்டு மென்பொருளைப் பழக்கினார்கள். தீர்ப்புச் சொன்னவர்களின் கண்தான் அதற்குப் பிறகு மென்பொருளின் கண்.

இந்த வழியின் எல்லை அலமாரியில் என்ன இருக்கிறது என்பது. அடர்த்தியான புருவம் நாலு வகை இருந்தால் நாலில் ஒன்று. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை இல்லையென்றால் குதிரைவால். வலது மூக்குத்தி இல்லையென்றால் இல்லை. செயலி எதையும் தவறாகச் செய்யவில்லை, கையில் இல்லாததைக் கொடுக்க முடியவில்லை.

இரண்டாவது வழி வார்ப்பு. 1999இல் ஜெர்மனியில் ஃபோல்கர் பிளான்ஸ், தாமஸ் ஃபெட்டர் இருவரும் இதன் அடித்தளத்தைப் போட்டார்கள். 200 இளைஞர்களின் தலைகளை, ஆண் 100, பெண் 100, லேசர் கொண்டு முப்பரிமாணத்தில் அளந்து, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சராசரி முகத்தைக் கணித்தார்கள். பிறகு யாருடைய போட்டோ வந்தாலும் அந்தச் சராசரி முகத்தை நீட்டியும் ஒடுக்கியும், நிறத்தை மாற்றியும் அந்தப் போட்டோவோடு பொருந்தும்வரை கொண்டுபோனார்கள். விளையாட்டுகளில் நம் முகத்தை வீரனின் உடலில் வைக்கும் நுட்பங்கள் பலவும் இதன் வாரிசுகள். ஒற்றைப் படத்தில் ஆழம் கிடையாது. மூக்கு எவ்வளவு முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது, கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் படத்தில் இல்லாததால், இல்லாத இடங்களைச் சராசரி முகம் நிரப்புகிறது. அந்த 200 பேரில் ஒருவர் ஆசியர், மற்றவர்கள் எல்லோரும் வெள்ளையர். அந்தச் சராசரியை வைத்துச் செய்த வார்ப்பில் பனமரத்துப்பட்டிப் பெண்ணின் முகத்தில் தெரியாத பாகமெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்து சேரும். பின்னால் வந்த தொகுப்புகள் விரிவானவை. ஆனாலும் சந்தேகம் வந்த இடத்தில் சராசரியை நோக்கி நகர்வது இந்த முறையின் பிறவிக்குணம்.

ஆகவே வார்ப்பு அவதாரத்தை நேராகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நேர்முகம் போட்டோவோடு பொருத்திச் செய்தது, அது நன்றாகத்தான் இருக்கும். விரலால் திருப்பி முக்கால்முகமும் பக்கவாட்டும் பாருங்கள். மூக்கு தட்டையாகவோ யாருடையதோபோலக் கூர்மையாகவோ இருந்தால் அங்கே சராசரி புகுந்திருக்கிறது. அதனால்தான் நல்ல செயலிகள் ஒரு படத்தோடு நிற்காமல் தலையைத் திருப்பச் சொல்கின்றன. அமெரிக்காவின் கூடைப்பந்து விளையாட்டான என்பிஏ 2கேயில் முகத்தைப் பதிய, கேமராவுக்கு அரை அடி முதல் ஓர் அடி தூரத்தில் முகத்தை வைத்து, இருபுறமும் மெதுவாக 30 பாகை திருப்பி, ஏறக்குறைய 15 நிமிடம் செலவிட வேண்டியிருந்தது. இந்த விவரம், அந்த முகப்பதிவைச் சேமித்த விதத்தை எதிர்த்து அந்த விளையாட்டை ஆடிய இருவர் தொடுத்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. 2017இல் நியூயார்க் நீதிமன்றம், நீங்களே உட்கார்ந்து இவ்வளவு நேரம் முகத்தைக் காட்டியிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்ற தொனியில் அதைத் தள்ளுபடி செய்தது.

வார்ப்பில் இன்னொரு சிக்கல், தோலில் ஒட்டிய ஒளி. போட்டோவை உரித்து முகவார்ப்பின் மேல் போர்த்துவதால் எடுத்த நேரத்தின் நிழலும் சேர்ந்து வருகிறது. கொட்டகைக்குள் எடுத்தால் மூக்கின் இடப்பக்க நிழல் தோலின் நிறமாகவே மாறிவிடும். விளையாட்டில் சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தக் கறை நகராது. பொட்டு நெற்றியில் ஒட்டாமல் தோலோடு தோலாக அச்சாகிவிடும், புருவத்தை உயர்த்தினால் பொட்டும் இழுபடும். கழுத்தில் ஒரு கோடு தெரிந்தால் முகத்துக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம் என்று பொருள்.

மூன்றாவது வழி, படத்தையே புதிதாக வரைந்து தருவது. 2022 இறுதியில் லென்சா செயலி பத்து முதல் இருபது செல்ஃபிகளை வாங்கிக்கொண்டு வீரனாகவும் தேவதையாகவும் வரைந்து தந்தது. 2025 மார்ச்சில் ஜப்பானிய கிப்லி பாணிப் படங்கள், செப்டம்பரில் சேலை கட்டிய பழைய சினிமா பாணிப் படங்கள் என்று இந்தியாவே இதில் மூழ்கி எழுந்தது. இவற்றில் அழகு உண்டு, பிடிமானம் கிடையாது. ஒவ்வொரு முறையும் முகம் கொஞ்சம் மாறும். மூக்குத்தி ஒரு படத்தில் வரும், இன்னொன்றில் வராது. சுயவிவரப் படத்துக்கு ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். அசைகிற, திரும்புகிற, நாளைக்கும் அதே ஆளாக இருக்க வேண்டிய அவதாரத்துக்கு இது ஆகாது. ஆகவே இதை இத்தோடு விடுகிறேன்.

நிறத்தைப் பற்றித் தனியே பேச வேண்டும். நம் ஊரில் அவதாரம் மிக அதிகமாகத் தவறுவது அங்கேதான், தவறியதை ஒப்புக்கொள்ள நாம் மிகக் குறைவாக விரும்புவதும் அங்கேதான்.

ஒரு போட்டோவில் தெரியும் கருமை தோலின் நிறமா, வெளிச்சக் குறைவா? முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் கணக்குப்படி இதற்கு விடை கிடையாது. நல்ல வெளிச்சத்தில் நிற்கும் கறுத்த முகமும் மங்கலில் நிற்கும் சிவந்த முகமும் ஒரே புள்ளிகளைத் தரலாம். மென்பொருள் ஊகிக்க வேண்டும். பழகிய தொகுப்பில் வெளிர்ந்த முகங்களே அதிகம் என்றால், ‘வெளிச்சம்தான் குறைவு’ என்று ஊகித்து நிறத்தை ஏற்றிவிடும். 2022இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அன்றிருந்த முறைகள் வெளிர்நிறத்தின் பக்கமே சாய்ந்திருந்தன. அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது: முகத்தை மட்டும் பார்க்காமல் முழுப் படத்தையும் பார்ப்பது. பின்னால் இருக்கும் சுவரும் மற்றவர்களின் முகங்களும் வெளிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும்.

இதையே நாம் கையாலும் செய்யலாம். படம் எடுக்கும்போது கன்னத்துக்கு அருகில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் முகத்தின் நிறமும் அவ்வளவு தூரம் மாறியிருக்கிறது. தாள் வெள்ளையாகத் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு, செயலி தந்த நிறத்தைப் பக்கத்தில் வைத்து, கையால் சரிசெய்ய வேண்டும். மூக்கிலோ நெற்றியிலோ பளபளப்பு இருக்கும், அங்கே பார்க்கக்கூடாது. தாடையின் ஓரம், காதுக்குக் கீழே பாருங்கள்.

சரிசெய்யப் போதுமான நிறக் கட்டங்கள் செயலியில் இருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. 2015இல் ஈமோஜிகளுக்கு வந்த ஐந்து நிறங்கள் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் வகுத்த அளவுகோலிலிருந்து வந்தவை. வெயிலில் யாருடைய தோல் எவ்வளவு புண்படும் என்று பார்க்கச் செய்த அளவுகோல் அது, மனித நிறங்களைப் பட்டியலிட அல்ல. ஒரு பனமரத்துப்பட்டித் திருமணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை அந்த ஐந்தில் அடுக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அந்த இரண்டுக்கு இடையில்தான் நம் வீடுகளில் ‘அவ நெறம் கொறச்சல், இவ மாநெறம்’ என்று ஒரு வாழ்நாள் பேசுகிறோம். சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்து கூகுள் 2022இல் வெளியிட்ட அளவுகோலில் பத்துப் படிகள் உண்டு. பத்துப் படியோ நகர்த்துகோலோ தரும் செயலி கிடைத்தால் ஐந்து தருவதைவிட அதையே எடுப்பது நல்லது.

மனசாட்சி சம்பந்தப்பட்ட கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒருவர் தன் அவதாரத்தை ஒரு படி வெளுப்பாக வைத்துக்கொள்வது அவர் விருப்பம். நானாக வெளுத்துக்கொள்வதும், கேட்காமலே ஒரு மென்பொருள் என்னை வெளுப்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்வேன். 2017இல் ஃபேஸ்ஆப் செயலியின் ‘கவர்ச்சி’ வடிகட்டி கறுத்த முகங்களை வெளுக்கச் செய்து மாட்டிக்கொண்டபோது, அதன் நிறுவனரே மன்னிப்புக் கேட்டு, பழகிய தொகுப்பின் சாய்வுதான் காரணம் என்றார்.

இனி நிஜத்தின் திருகு. எங்கே நிறுத்துவது?

1970இல் ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி சொன்னது பலரும் கேள்விப்பட்டதுதான். பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்கு அதைப் பிடிக்கும், மிக நெருங்கி முழுதாக எட்டாத ஓர் இடத்தில் அந்தப் பிடிப்பு திடீரென்று அருவருப்பின் பள்ளத்தில் விழும். அவர் கூடவே சொன்ன ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அசைவு அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். அசையாத படத்தில் சரியாக இருந்த முகம் பேசத் தொடங்கியதும் பிணமாகிவிடலாம். தமிழ்நாட்டில் இதற்குப் பாடநூல் தேவையில்லை. 2014இல் வந்த கோச்சடையானில் ரஜினிகாந்தின் அசைவுகளைப் பதிந்தே உருவம் செய்தார்கள். நடையில் ரஜினி இருந்தார், கண்ணில் இல்லை என்று தியேட்டரை விட்டு வந்தவர்கள் சொன்னார்கள். 2009இல் மறைந்த நாகேஷையும் அந்தப் படத்தில் கொண்டுவந்திருந்தார்கள். நாகேஷின் முகம் இயல்பிலேயே மிகைப்பட்டது, மாலிக்குக் கொடுத்தால் ஐந்து கோட்டில் முடிப்பார். அதனாலோ என்னவோ, அந்த நாகேஷ் என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. பத்தாண்டு கழித்து 2024இல் ‘தி கோட்’ படத்தின் ‘ஸ்பார்க்’ பாடல் வந்தபோது, இளமையாக்கிய விஜயின் முகம் கேலிக்கு உள்ளானது. வெங்கட் பிரபுவின் குழு படம் வெளியாவதற்குள் அதை மாற்றி அமைத்தது. கோடிகள் செலவழித்து, காட்சிக்குக் காட்சி திருத்த ஆள் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி. நம் போன் ஒரு நிமிடத்தில் செய்து தருவதற்கு என்ன நேரும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பள்ளத்தில் விழுவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத நிஜம். 2007இல் ஜப்பானில் சேயாமா, நாகயாமா இருவரும் முகங்களின் கண்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பொம்மை முகத்தில் பெரிய கண் பொருந்திப்போனது, நிஜ முகத்தில் அதே கண் சங்கடம் தந்தது. தோலில் மயிர்த்துளை தெரியும்படி போட்டோவைப் போர்த்திவிட்டு, கண்ணைப் பொம்மைக் கண்ணாக, முடியை ஒட்டுத்தொப்பியாக விட்டால் அந்த முகம் யாருக்கும் பிடிக்காது. சாம்சங் 2018இல் கேலக்ஸி எஸ்9 போனோடு செல்ஃபியிலிருந்து செய்துகொடுத்த முதல் ஏஆர் ஈமோஜிகள் அப்படித்தான் கிண்டலுக்கு ஆளாயின. ஆகவே நடைமுறை விதி: எந்தப் பாகத்தை அந்தச் செயலி மிக மோசமாகச் செய்கிறதோ, மற்ற எல்லாவற்றின் நிஜத்தையும் அந்த அளவுக்கு இறக்குங்கள். முடி எப்போதும் மோசம்தான். ஆகவே தோலை மழுங்கலாக, ஓவியம்போல வைப்பதே பொதுவாகப் பாதுகாப்பு.

நிஜத்தை இறக்கும்போது சாயலைத் தாங்கும் பாகங்களை விட்டுவிடக்கூடாது. அவை எவை? பலர் கண் என்பார்கள். 2003இல் எம்ஐடியில் பவன் சின்ஹாவும் உடனிருந்தவர்களும் பிரபலங்களின் படங்களில் ஒரு முறை கண்ணை அழித்தும் ஒரு முறை புருவத்தை அழித்தும் காட்டினார்கள். புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காண்பதுதான் அதிகக் கடினமாக இருந்தது. நம் பெண் அடர்த்தியான புருவம் உள்ளவர். செயலி மெல்லிய வில்புருவத்தைப் போட்டிருந்தால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. முதலில் புருவம், பிறகு முகத்தின் வெளிவடிவம், பிறகு முடி நெற்றியில் தொடங்கும் கோடு, பிறகு நிறம், பிறகு மச்சமும் மூக்குத்தியும். ஆண்களுக்கு மீசையையும் தாடியின் ஓரக்கோட்டையும் புருவத்துக்கு அடுத்ததாகச் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணிமை மயிரும் உதட்டுப் பளபளப்பும் கடைசி. அவதாரம் பெரும்பாலும் வாட்ஸாப்பில் ஒரு சென்டிமீட்டர் வட்டத்துக்குள்தான் தெரியப்போகிறது. அந்த அளவுக்குச் சுருக்கினால் மச்சம் மறைந்துவிடும், புருவம் மறையாது. சிறிய அவதாரத்தில் மச்சத்தையும் மூக்குத்தியையும் நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வைப்பது பொய்யில்லை.

செய்து முடித்த பிறகு ஒரே சோதனைதான். யார் என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் காட்ட வேண்டும். “டேய், இது யாருன்னு சொல்லு பாக்கலாம்” என்று அந்தப் பெண் தம்பியிடம் கேட்க, அவன், “அக்கா, இது சீரியல்ல வர்ற பொண்ணாட்டம் இருக்குது” என்று சொன்னால் சாயல் போய்விட்டது, திரும்பப் புருவத்திலிருந்து தொடங்கலாம். “நீதான், ஆனா பேயாட்டம் இருக்குது” என்றால் சாயல் இருக்கிறது, நிஜம் அதிகமாகிவிட்டது. தோலையும் கண்ணையும் பொம்மைப் பக்கம் நகர்த்தலாம். இந்த இரண்டு பதிலுக்கும் மருந்து எதிரெதிரானது. அதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் எல்லாவற்றையும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

பயன்பாட்டைப் பொறுத்தும் நிறுத்தும் இடம் மாறும். ஸ்டிக்கருக்கு உணர்ச்சிதான் முக்கியம், நிஜம் மிகக் குறைவாக இருக்கட்டும். சண்டை விளையாட்டில் வீரனை முதுகுப்பக்கம்தான் பார்க்கப் போகிறோம், முகத்துக்காக மெனக்கெடுவதைவிட உடல்வாகும் நடையும் நம்முடையதாக இருந்தால் போதும். நேரில் பேசுவதற்கு மாற்றாக வரும் அவதாரத்துக்குத்தான் நிஜம் தேவைப்படுகிறது. ஆப்பிள் 2024இல் விஷன் ப்ரோவோடு கொடுத்த பெர்சோனா அந்த வகை. அதற்குக் கருவியையே முகத்துக்கு நேராகப் பிடித்து, தலையைத் திருப்பி, சிரித்து, புருவம் உயர்த்திப் பதிய வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டால் விருந்தினர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், வரவேற்பை ஹாரி பாட்டர் கோட்டையைப்போலச் செய்த மெய்நிகர் மண்டபத்தில் வைத்தார்கள். விருந்தினர்கள் அவதாரங்களாக வந்தார்கள். முந்தைய ஆண்டு இறந்துபோன மணப்பெண்ணின் தந்தையும் ஓர் அவதாரமாக அங்கே இருந்தார். மண்டபத்தின் அந்த உருவங்கள் எளிய, பொம்மைச் சாயல் கொண்டவை. அது குறை இல்லை என்பது என் கருத்து. அப்பாவின் முகத்தை மயிர்த்துளை வரை நிஜமாக்கி அசையவிட்டிருந்தால், மோரி சொன்ன பள்ளத்தின் அடி ஆழத்தில் போய் விழுந்திருக்கும். மீசையும் உடுப்பும் நிற்கும் விதமும் அவரைச் சொல்லிவிட்டால் மீதியை மகள் தானே நிரப்பிக்கொள்வாள்.

செல்ஃபி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில செயலிகள் போனுக்குள்ளேயே கணக்கை முடிக்கும், சில படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பும். விமானப் பயன்முறையில் வைத்து முயன்றால் தெரிந்துவிடும். இணையம் இல்லாமல் அவதாரம் வந்தால் கணக்கு போனுக்குள்ளேயே முடிகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழானவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யக்கூடிய சம்மதம் கேட்கப்பட்டிருக்கிறது. தம்பியின் முகத்தை அக்கா எந்தச் செயலியிலும் ஏற்றிவிடலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கும் செயலிகளுக்கும் ஒரே செல்ஃபி அவதாரத்தை எடுத்துச்செல்ல வழிசெய்த எஸ்தோனிய நிறுவனம் ரெடி பிளேயர் மீயை 2025 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. அவதாரம் செய்யும் அந்தச் சேவை 2026 ஜனவரி இறுதியோடு மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தங்கள் உருவத்தை .glb கோப்பாகத் தரவிறக்கி வைத்தவர்களிடம் அது இருக்கும். மற்றவர்கள் இன்னொரு செயலியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்குபவருக்கு மறுபடியும் ஒரு செல்ஃபியைவிட அதிகம் பயன்படுவது ஒரு துண்டுச்சீட்டு. பத்துப் படியில் நிறம் எத்தனையாவது, எந்த வகைப் புருவம், முகம் நீளமா வட்டமா, மூக்குத்தி வலது, மச்சம் இடது தாடை. சீட்டைப் பார்த்துக் கையால் தேர்ந்தெடுத்தால் ஐந்து நிமிட வேலை.